4. தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் கண்ட வழக்கமான சோதனைகள்

இராணிப்பேட்டையில் காலணி மேல்தோல் தயாரிக்கும் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் அன்றாடம் நடைபெற்ற சோதனைகளை இப்பகுதி விவரிக்கிறது.

குரோம் உப்பால் பதனிட்டு ஈரமாக நீலநிறத்தில் வரும் வெட் புளூ தோலுக்கு முதலில் கொதிநீர்ச் சோதனை நடத்தப்படுகிறது. வெட்டிய துண்டைக் காகிதத்தின்மேல் வைத்துப் பென்சிலால் ஓரம் வரைந்துகொண்டு, கொதிக்கும் நீரில் இரண்டு நிமிடம் இட்டு எடுத்து, அதே கோட்டின்மேல் மீண்டும் பொருத்திப் பார்க்கின்றனர். துண்டு கோட்டுக்குள் சுருங்கினால் குரோமியம் தோலிழையோடு போதிய அளவு பிணையவில்லை என்று பொருள். அந்த லாட் அடுத்த கட்டத்துக்குச் செல்லாது. கருவி எதுவுமின்றி இவ்வளவு தெளிவான முடிவு தரும் சோதனை வேறொன்றை நான் அங்குக் காணவில்லை.

பினிஷ் செய்த தோலுக்கு இழுவலிமை, கிழிவலிமை ஆகியவை அளக்கப்படுகின்றன. இவற்றில் கருவி காட்டும் எண்ணைவிடத் துண்டு எடுக்கும் இடமே முக்கியம் என்பது என் கருத்து. முதுகுப் பகுதியில் இழைகள் நெருக்கமாகவும் வயிற்றுப் பகுதியில் தளர்வாகவும் இருப்பதாலும், முதுகெலும்புக் கோட்டுக்கு இணையாக வெட்டிய துண்டும் குறுக்காக வெட்டிய துண்டும் ஒரே அளவில் நீள்வதில்லை என்பதாலும், இடமும் திசையும் குறிக்கப்படாத முடிவை மற்றொரு லாட்டின் முடிவோடு ஒப்பிட இயலாது. வெட்டிய துண்டுகள் 23 டிகிரி செல்சியஸ், 50 விழுக்காடு ஈரப்பதம் உள்ள அறையில் வைத்து அந்நிலைக்குக் கொண்டுவரப்பட்ட பின்னரே சோதிக்கப்பட்டன. வேலூர் வட்டாரத்தின் கோடை வெயிலில் வெளியே கிடந்த தோலை அப்படியே கருவியில் மாட்டினால், அந்த எண் தோலின் தரத்தோடு அன்றைய வானிலையையும் சேர்த்தே காட்டும்.

மடிப்புச் சோதனையில் தோல்துண்டு நிமிடத்துக்கு 100 முறை மடங்கி விரிகிறது. ஒரு லட்சம் மடிப்புகள் முடியப் பதினாறு மணி நேரத்துக்கும் மேலாகும் என்பதால், மாலையில் கருவியை ஓடவிட்டு மறுநாள் காலையில் பூச்சில் வெடிப்பு உள்ளதா என உருப்பெருக்கியால் பார்ப்பது வழக்கம். உராய்வுச் சோதனையில் உலர்ந்த கம்பளிப் பட்டையாலும் நனைத்த கம்பளிப் பட்டையாலும் தேய்த்து, பட்டையில் ஏறிய சாயத்தைச் சாம்பல் அளவுகோலின் 1 முதல் 5 வரையிலான நிலைகளோடு ஒப்பிடுகின்றனர். 5 என்றால் சாயம் ஏறவில்லை.

ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியாகும் லாட்டுகளுக்கு ஆறு இணைதிறன் குரோமியச் சோதனை கட்டாயம். அணிபவரின் சருமத்தைத் தொடும் தோல் பொருள்களில் இது கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டக் கூடாது என்னும் வரம்பு அங்கு 2015 மே முதல் நடைமுறையில் உள்ளது. பாஸ்பேட் கரைசலில் பிரித்தெடுத்த சாற்றுடன் டைபீனைல்கார்பசைடு சேர்க்கும்போது, ஆறு இணைதிறன் குரோமியம் இருந்தால் செவ்வூதா நிறம் தோன்றுகிறது. அதன் செறிவு 540 நானோமீட்டர் அலைநீளத்தில் அளக்கப்படுகிறது. சாயமேற்றிய தோலின் சாறு தானே நிறம் கொண்டிருப்பதால், அந்த நிறத்தை நீக்கிய பின்னரே அளவீடு செய்யப்பட்டது.