அடுத்த சொல் என்ன?

பிள்ளைகளே, 'மழை பெய்கிறது, நனையாமல் போக ஒரு...' என்று நான் நிறுத்தினால் என்ன சொல்வீர்கள்? 'குடை', இல்லையா? மொழி மாதிரி எனும் கணினி நிரலும் இப்படித்தான் எழுதுகிறது. ஏராளமான எழுத்தைப் படித்து, அடுத்து எது வரக்கூடும் என்று கணக்குப்போடப் பழகியிருக்கிறது. குடைக்கு நிறைய வாய்ப்பு, தொப்பிக்குக் கொஞ்சம், யானைக்கு ஏறக்குறைய பூஜ்யம். அதில் ஒன்றை எடுத்து எழுதும். அப்புறம் எழுதியதையும் சேர்த்துப் பார்த்து, அடுத்த சொல்லுக்கு மறுபடி கணக்குப்போடும். சில நேரம் முழுச் சொல்கூட இல்லை, சொல்லின் துண்டுதான் வரும்.

முதலிடத்தில் இருப்பதையே எப்போதும் எடுக்காது. அதனால்தான் ஒரே கேள்விக்கு வேறு வேறு பதில் வருகிறது. இன்னொன்று முக்கியம்: பொருந்தி வரும் சொல் உண்மையாகவும் இருக்கவேண்டும் என்பதில்லை. அது தரும் ஆண்டுகளையும் பெயர்களையும் பாடப்புத்தகத்தில் சரிபாருங்கள்.