அப்பாவின் பாகம்: விளையாட்டின் தொடக்கக் காட்சி

(திரை இருட்டு. சுவரில் தண்ணீர் தட்டும் சத்தம். ஈரக் கயிறு ஒன்று விரல்களுக்கு இடையே உரசி இறங்குகிறது.)

அமுதாவின் குரல்:

ஒன்று.

இரண்டு.

தட்டிவிட்டது. இரண்டு பாகம்.

கீழே இருப்பது சாலை. பேருந்து போன சாலை.

இரண்டு கைகளையும் விரித்து நீட்டினால், இந்த விரல் நுனியிலிருந்து அந்த விரல் நுனி வரை ஒரு பாகம். பள்ளிக்கூடத்தில் மீட்டர் சொல்லிக்கொடுத்தார்கள். அப்பாவுக்கு மீட்டர் வராது. நாகப்பட்டினத்தில் அவருடைய தாத்தா கடலைப் பாகத்தில் அளந்தார். அப்பாவும் அப்படித்தான் அளப்பார்.

(கை கயிற்றை இழுக்கிறது. ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு முடிச்சு மேலே வருகிறது. கடைசியில் ஈயக்குண்டு. அதன் அடியில் ஒரு குழி, குழி நிறைய மெழுகு.)

குண்டு தரையைத் தொட்டால் மெழுகில் ஏதாவது ஒட்டிக்கொண்டு வரும். சேறு வந்தால் வாய்க்கால். வெள்ளை மணல் வந்தால், கடலைத் தூர்த்து உண்டாக்கிய நிலம். கறுப்பாக, சொரசொரப்பாகத் தார்த் துணுக்கு வந்தால் சாலை. கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். எனக்கு ஏழு வயதிலேயே இதைப் பழக்கிவிட்டார். "தண்ணி மேலே எல்லா இடமும் ஒரே மாதிரிதான் இருக்கும், பாப்பா. கீழே என்ன இருக்குன்னு கேளு" என்பார்.

(விடியலுக்குச் சற்று முன். சிங்கப்பூரின் காலாங் வட்டாரம். வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடி வீடுகள் தண்ணீரிலிருந்து எழுந்து நிற்கின்றன. சுவரில் ஆள் உயரத்துக்கு எழுதிய புளோக் எண்ணின் கீழ்ப்பாதி பாசி பிடித்துக் கிடக்கிறது. சன்னல்களிலிருந்து நீளும் மூங்கில் கழிகளில் துணிகளுக்கு நடுவே கருவாடும் வலையும் காய்கின்றன.)

இது எங்கள் வீடு. நான்காவது மாடி. படகை மூன்றாவது மாடி நடைபாதைக் கம்பியில் கட்டுவோம். அந்த மாடியில் இப்போது யாரும் இல்லை. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் அங்கே தண்ணீர் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும்.

ஒரு நாளைக்கு இரண்டு முறை கடல் ஏறும், இரண்டு முறை வற்றும். எங்களுக்கு அதுதான் கடிகாரம். வற்றும்போது மீன் பிடிப்போம், ஏறும்போது சமைப்போம். பக்கத்து வீட்டு மக்சிக் சம்பால் அரைத்தால் அந்த வாசனையில் மாடி முழுக்க எழுந்துவிடும். அப்பா கொடுவா கொண்டுவருவார். தலை மக்சிக்குக்கு, நடுத்துண்டு எங்களுக்கு. கணக்கு பார்த்ததில்லை.

கடல் எப்படி வந்தது என்று கேட்பீர்கள்.

(மழை. மரினா அணைக்கட்டு. வரிசையாக ஒன்பது எஃகுக் கதவுகள்.)

தீவின் நிலத்தில் சுமார் 30 சதவிகிதம் கடல் மட்டத்திலிருந்து 5 மீட்டருக்குள்தான் இருக்கிறது என்று பள்ளியில் படித்தோம். தேர்வில் எழுதி முழு மதிப்பெண்ணும் வாங்கினேன். அப்போது அது வெறும் எண்.

அணைக்கட்டில் ஒன்பது கதவுகள். கடல் வற்றியிருக்கும்போது மழை பெய்தால் கதவைத் தாழ்த்தி வெள்ளத்தை வெளியே விடுவார்கள். கடல் ஏறியிருக்கும்போது கதவைத் திறக்க முடியாது. அப்போது ஏழு பெரிய பம்புகள் தண்ணீரைத் தூக்கி வெளியே கொட்டும். பல வருடம் அப்படியே நடந்தது. அப்புறம் ஒரு டிசம்பரில் பருவமழை நிற்கவே இல்லை. கடலும் வற்றவில்லை. கதவுகள் உடையவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். அங்கே நின்று வேலை செய்தவர்கள் கடைசிவரை நகரவில்லை. தண்ணீர் அவர்களைச் சுற்றிக்கொண்டு வந்தது.

வசதி இருந்தவர்கள் புக்கிட் தீமா பக்கம் மேட்டுக்குப் போனார்கள். தீவிலேயே அதுதான் உயரம், 163 மீட்டர். அப்பாவையும் கூப்பிட்டார்கள். "மேட்டுல நான் என்ன பிடிக்கிறது? அணிலா?" என்று கேட்டுவிட்டு வலையைப் பின்ன உட்கார்ந்துவிட்டார்.

(பழைய வரைபடம் ஒன்று தண்ணீரில் விரிகிறது. கரையோரக் கோடு மெல்ல நகர்கிறது.)

சின்ன வயதில் ஒரு நாள் கேட்டேன். "பீச் ரோடுன்னு பேர் வச்சிருக்காங்க, பீச் எங்கேப்பா?"

அன்று மாலையே அப்பா என்னைத் தெலுக் ஆயர் தெருவுக்குக் கூட்டிப்போனார். இரண்டு பக்கமும் கோபுரம் போன்ற கட்டடங்கள், கண்ணாடி, கார்கள். நடுவில் சின்னதாக நாகூர் தர்கா. 1830இல் கட்டி முடித்தது. எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள் உயிரோடு கரை சேர்ந்ததற்கு நன்றி சொல்லக் கட்டினார்கள். அப்போது அதன் வாசலுக்கு எதிரே கடல்.

"பீச் ரோடும் இப்படித்தான். தூர்த்துத் தூர்த்துக் கடலைத் தள்ளிட்டோம்" என்றார் அப்பா. "பேரை மட்டும் மாத்த மறந்துட்டோம்."

அன்றிலிருந்து இந்த ஊரை நான் இரண்டாகப் பார்க்கிறேன். மேலே ஒரு ஊர், அடியில் அதன் பழைய கரை. இப்போது தர்கா வாசலில் மறுபடியும் அலை அடிக்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அப்பா துடுப்பைப் படகுக்குள் வைத்துவிட்டு, "நாகூர் ஆண்டவரே" என்று ஒரு முறை சொல்வார். எங்கள் பூசை அறையில் இருப்பது முருகன் படம். கடலில் இறங்கும் யாரும் அதைப் பிரித்துப் பார்ப்பதில்லை.

(வீட்டுக்குள். அகல் விளக்கு. பாயில் மடித்த போர்வை, கலையாமல் இருக்கிறது.)

மூன்று இரவு ஆகிவிட்டது.

"தெலுக் ஆயர் பக்கம் போயிட்டு வர்றேன், பாப்பா. கஞ்சியை மூடி வை." இவ்வளவுதான் சொன்னார். மூடிதான் வைத்தேன். மறுநாள் புளித்தது, கொட்டினேன். புதிதாக வைத்தேன்.

நேற்று இரவு கதவைச் சாத்தும்போதுதான் பார்த்தேன். கைப்பிடியில் இந்தக் கயிறு.

அப்பா சோறு இல்லாமல் போவார். விளக்கு இல்லாமல்கூடப் போவார். குண்டுக்கயிறு இல்லாமல் ஒரு நாளும் படகை எடுத்ததில்லை.

(கயிறு மெதுவாக உருள்கிறது. ஒன்பதாவது முடிச்சில் சிவப்பு நூல்.)

இந்த நூல் முன்பு இல்லை. ஒன்பது பாகம். எங்கள் தெருவில் வற்றும்போது இரண்டு, ஏறும்போது நான்குக்கும் குறைவு. எந்தத் தெருவிலும் ஒன்பது வராது.

குண்டைத் திருப்பிப் பார்த்தேன். மெழுகில் சேறு இல்லை, மணல் இல்லை, தார் இல்லை. நகம் அளவுக்கு ஒரு கிரானைட் சில்லு. ஒரு பக்கம் வழவழவென்று இழைத்திருந்தது.

தெருவுக்கும் கீழே, படி இறங்கிப் போகும் இடம். எம்ஆர்டி ரயில் நிலையம்.

(வெளியே. அமுதா நடைபாதையின் விளிம்பில் நிற்கிறாள். கைகளை விரித்துக் கயிற்றை அளக்கிறாள். அவள் விரல் முடிச்சை எட்டவில்லை.)

என் கை சின்னது. அப்பாவின் ஐந்து பாகம் எனக்கு ஆறு. அவர் கணக்கை என் கையில் வைத்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். தப்பாக எண்ணினால் திரும்ப மூச்சு இருக்காது.

மக்சிக்கின் மகன் தன் ஆரஞ்சு நிறக் கயாக்கைக் கேட்காமலே கொண்டுவந்து கட்டியிருக்கிறான். உள்ளே ஒரு பொட்டலம், இன்னும் சூடாக இருக்கிறது. மக்சிக் எப்போது எழுந்தாரோ.

இன்று அமாவாசை. இப்போது தண்ணீர் வற்றியிருக்கிறது. உச்சிவேளைக்குள் முழுசாக ஏறிவிடும்.

வர்றேன்ப்பா.

(கிழக்கில் வெளிச்சம். கயாக் கம்பியில் மெல்ல மோதுகிறது. திரையின் கீழே எழுத்து: கட்டை அவிழ்.)