கன்னங்குறிச்சி மாடி வீடு குறித்து

கன்னங்குறிச்சி, சேலம்
23.06.2025

அன்புள்ள கார்த்திகேயன் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த 15ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வந்து எங்கள் மாடி வீட்டைப் பார்த்துச் சென்றீர்கள். அதை உங்களுக்குத் தர இயலாமல் போய்விட்டது. ஆடி பிறப்பதற்குள் குடிபோக வேண்டும் என்று சொல்லியிருந்தீர்கள். என் பதிலுக்காக நீங்கள் இன்னும் ஒரு நாள்கூட வீணாகக் காத்திருக்கக் கூடாது என்றே உடனே எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். உங்களுக்கு ஒரு வாரம் முன்பே, 8ஆம் தேதி, இன்னொரு குடும்பம் வந்து பார்த்தது. மாறுதல் உத்தரவு கைக்கு வரவில்லை, 21ஆம் தேதிவரை பொறுங்கள் என்று கேட்டார்கள். நானும் சரி என்றேன். அதன்பின் அவர்களிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள் போலும் என்று நானாக நினைத்துக்கொண்டு உங்களுக்கு வீட்டைத் திறந்து காட்டினேன். சனிக்கிழமை காலை உத்தரவோடு வந்து முன்பணம் கொடுத்துவிட்டார்கள். முதலில் கொடுத்த வார்த்தையை மீற முடியவில்லை. ஒருவர் முன்பே கேட்டிருக்கிறார் என்பதை அன்றே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது என் தவறு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அம்மா நேராகச் சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்து ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, "இது போர் தண்ணீர், நல்ல தண்ணீர் எங்கே வருகிறது?" என்று கேட்டார்கள். இருபது வருடமாக வாடகைக்கு விடுகிறேன், வீடு பார்க்க வந்தவர்களில் யாரும் இதைக் கேட்டதில்லை. என் மனைவி இன்னும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

நான் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் நீங்கள் வைத்துவிட்டுப் போன இரண்டாயிரம் ரூபாயை இன்று காலை உங்கள் வங்கிக் கணக்குக்கு அனுப்பிவிட்டேன். ஆதார் நகலையும் சம்பளச் சீட்டு நகலையும் இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன். வேறு பிரதி எதுவும் என்னிடம் இல்லை.

இன்னொரு செய்தி. எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, மூக்கனேரி பக்கம், ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரின் கீழ் வீடு இம்மாத இறுதியில் காலியாகிறது. இரண்டு படுக்கையறை, வண்டி நிறுத்த இடம், சமையலறைக்குள்ளேயே நல்ல தண்ணீருக்குத் தனிக் குழாய். வாடகை எவ்வளவு என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். உங்களைக் கேட்காமல் உங்கள் எண்ணை அவரிடம் கொடுக்க மனமில்லை. விருப்பமிருந்தால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள், நானே அழைத்துப் போகிறேன். மதியம் இரண்டு முதல் நான்கு வரை அவர் உறங்குவார், மாலையில் போகலாம்.

அம்மாவுக்கு எங்கள் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
பழனிசாமி