தம்பிக்கு எட்டு வாரக் கணக்குப் பயிற்சித் திட்டம்

தம்பி, நீ அனுப்பிய மூன்று மாதிரித் தேர்வுத் தாள்களையும் பார்த்தேன். உனக்குக் கணக்கு தெரியாமல் இல்லை. கை மெதுவாக ஓடுகிறது, அவ்வளவுதான். ஐபிபிஎஸ் நடத்தும் வங்கி எழுத்தர் முதல்நிலைத் தேர்வின் கணக்குப் பகுதியில் 35 கேள்விகளுக்கு 20 நிமிடங்கள், அதாவது ஒரு கேள்விக்கு ஏறத்தாழ 34 விநாடிகள்தான் கிடைக்கின்றன. கேள்வியைப் படிக்கவும் விடையைத் தேர்ந்து சொடுக்கவும் அதில் பாதி போய்விடும் என்பதால், கணக்கிடுவதற்கு உன்னிடம் மிஞ்சுவது 15 விநாடிகள் என்று வைத்துக்கொள். கால்குலேட்டர் கிடையாது. தவறான விடை ஒவ்வொன்றுக்கும் கால் மதிப்பெண் குறையும். மூன்று பகுதிகளிலும் தனித்தனியாகத் தேற வேண்டியிருப்பதால், ஆங்கிலத்தில் கூடுதலாக வாங்கி இதை ஈடுகட்டவும் முடியாது.

சிங்கப்பூரில் துவாஸ் தொழிற்சாலையில் பகல் ஷிப்ட் முடித்து விடுதிக்குத் திரும்பும் ஒருவரால் நாளுக்கு மூன்று மணி நேரம் படிக்க இயலாது என்பது எனக்குத் தெரியும். ஆகவே, காலையில் கம்பெனிப் பேருந்தில் 25 நிமிடம், இரவு உணவுக்கு முன் 30 நிமிடம், ஞாயிற்றுக்கிழமை ஜூரோங் வட்டார நூலகத்தில் இரண்டரை மணி நேரம் என்ற அளவில் இதை அமைத்திருக்கிறேன்.

முதல் இரண்டு வாரங்களில் குறுக்குவழி எதையும் தொடாதே. 20 வரை வாய்ப்பாடு, 30 வரை வர்க்கம், 15 வரை கனம், பின்னங்களின் சதவீத மதிப்பு ஆகிய நான்கும் கேட்ட மாத்திரத்தில் நாவில் வர வேண்டும். பேருந்தில் தாளும் பேனாவும் வேண்டாம். 17-இன் வாய்ப்பாட்டை மேலிருந்து ஒப்பிப்பதைவிட, உன் குரலிலேயே கைப்பேசியில் "17 பெருக்கல் 8", "19 பெருக்கல் 6" என்று கலைத்துப் போட்டுப் பதிவு செய்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று விநாடி இடைவெளி விட்டு, காதில் கேட்டு விடை சொல்வதே பலன் தரும். வரிசையாக ஒப்பிப்பவனுக்கு நடுவிலிருந்து கேட்டால் தடுமாற்றம் வரும். தேர்வில் நடுவிலிருந்துதான் கேட்பார்கள்.

நான்கில் மிக முக்கியமானது பின்னம். நம் பாட்டி காலத்தில் அரைக்கால், மாகாணி என்று சொன்னார்களே, அவற்றை இன்றைய சதவீதத்தில் சொன்னால் எட்டில் ஒன்றான அரைக்கால் 12.5, பதினாறில் ஒன்றான மாகாணி 6.25. ஏழில் ஒன்று 14.28, ஒன்பதில் ஒன்று 11.11, பதினொன்றில் ஒன்று 9.09, பன்னிரண்டில் ஒன்று 8.33. இவை பதிந்துவிட்டால், 648-இல் 37.5 சதவீதம் என்ற கேள்வியைப் பார்த்ததும் நீ பெருக்கத் தொடங்கமாட்டாய். அது மூன்று அரைக்கால்; 648-ஐ எட்டால் வகுக்க 81, மூன்று மடங்கு 243. தரவு விளக்கக் கேள்விகளில் வட்ட வரைபடம் வந்தால் இந்த ஒரு பழக்கமே பல நிமிடங்களை மிச்சப்படுத்தும்.

மூன்றாவது, நான்காவது வாரங்களில் இரவுப் பயிற்சியில் புதிதாக நான்கு குறுக்குவழிகள் மட்டும். முதலாவது, கூட்டலை இடப்பக்கத்திலிருந்து செய்வது: 478 உடன் 356 என்றால் 700, 820, 834 என்று மனத்தில் மூன்றே படிகள். இரண்டாவது, குறுக்குப் பெருக்கல்: 67 பெருக்கல் 43-க்குப் பத்துகளைப் பெருக்கினால் 2400, குறுக்கே 18-உம் 28-உம் சேர்ந்து 46 பத்துகள், ஒன்றுகள் 21, மொத்தம் 2881. மூன்றாவது, 50-ஐ ஒட்டிய எண்களின் வர்க்கம்: 47 என்பது மூன்று குறைவு, எனவே 25-இல் மூன்றைக் கழித்து 22, அதன் பின்னால் மூன்றின் வர்க்கத்தை இரண்டு இலக்கமாக 09 என எழுதினால் 2209.

நான்காவது, அடுத்தடுத்து வரும் சதவீதம். இதைப் பயிலச் சிங்கப்பூரைவிட நல்ல இடம் இல்லை. உணவகத்தில் 10 சதவீதச் சேவைக் கட்டணம் போட்டு, அதன்மேல் 9 சதவீத ஜிஎஸ்டி போடுகிறார்கள் அல்லவா? இரண்டையும் கூட்டி 19 என்று நினைப்பது தவறு. இரண்டின் பெருக்கலை நூறால் வகுத்த 0.9-ஐயும் சேர்த்து 19.9 சதவீதம். 60 வெள்ளிச் சாப்பாட்டுக்கு 20 சதவீதம் 12, அதில் 0.1 சதவீதமான 6 காசைக் கழித்தால் 11.94, ஆக 71.94 வெள்ளி. ஞாயிறன்று சிராங்கூன் சாலையில் சாப்பிடப் போகும்போது, அப்படிக் கட்டணம் சேர்க்கும் கடையாக இருந்தால், பில் வருவதற்குள் தொகையைச் சொல்லிவிடு.

இணையத்தில் நூறு தந்திரங்கள் கிடைக்கும். 97 பெருக்கல் 98-ஐ ஒரு நொடியில் செய்யும் வித்தை பார்க்க அழகாக இருக்கும், ஆனால் தேர்வில் அந்த எண்கள் வருவது அரிது. எந்தத் தந்திரத்தைப் பயன்படுத்துவது என்று யோசிக்கும் நேரத்தில் நேராகவே பெருக்கி முடித்துவிடலாம் என்பதால், மேற்சொன்ன நான்குக்கு மேல் இப்போது சேர்க்காதே.

ஐந்தாவது, ஆறாவது வாரங்களில் சரிபார்ப்பும் தோராயமும். இலக்கங்களை ஒற்றை இலக்கம் வரும்வரை கூட்டிச் சரிபார்க்கும் முறை உனக்குத் தெரியும்: 67 நான்காகும், 43 ஏழாகும், பெருக்கினால் 28, அது ஒன்றாகும், 2881-உம் ஒன்றாகிறது. ஆனால் இலக்கம் இடம் மாறி 2818 என்று எழுதியிருந்தாலும் இந்தச் சோதனை தேறிவிடும், ஆகவே கடைசி இலக்கத்தையும் பார்: ஏழும் மூன்றும் பெருக்கினால் 21, முடிவு ஒன்றில்தான் இருக்க வேண்டும். தோராயக் கேள்வியில் எண்ணை முழுமையாக்கத் தயங்காதே. 549.87-இல் 18.02 சதவீதத்துடன் 23.98 பெருக்கல் 14.03-ஐக் கூட்டச் சொன்னால், 99-உம் 336-உம் சேர்ந்து 435. எண் தொடருக்குக் கனங்கள் உதவும்: 7, 8, 16, 43, 107 என்று வந்தால் வேறுபாடுகள் 1, 8, 27, 64, அடுத்து 125, விடை 232.

ஒவ்வோர் இரவும் 20 சுருக்குதல் கணக்குகளை நேரம் குறித்துச் செய். முதல் வாரத்தில் 12 நிமிடம் ஆனாலும் கவலையில்லை. ஆறாவது வார முடிவில் 7 நிமிடத்துக்குள் 18 சரியாக வர வேண்டும். நேரம் குறைந்து தவறு கூடினால் அந்த நாளை முன்னேற்றமாகக் கணக்கிடாதே. தவறு ஒவ்வொன்றையும் குறிப்பேட்டில் எழுது, ஆனால் "கவனக்குறைவு" என்று எழுதாதே. "13 பெருக்கல் 7-ஐ 81 என்றேன்", "தசமப் புள்ளி தள்ளிவிட்டது" என்று நடந்ததை எழுதினால்தான் மறுநாள் எதைப் பயில்வது என்று தெரியும்.

கடைசி இரண்டு வாரங்களில் ஒன்றுவிட்டு ஒருநாள் 35 கேள்விகள், 20 நிமிடங்கள், இடையில் எழுந்திருக்கக் கூடாது. எந்தக் கேள்வியை விடுவது என்பதையும் இப்போதுதான் பழக வேண்டும். பத்து விநாடியில் வழி தெரியாவிட்டால் நகர்ந்துவிடு. என் முதல் முயற்சியில் 31 கேள்விகளைத் தொட்டேன், 9 தவறு, 22-இல் 2.25 போக 19.75. அடுத்த முறை 25-ஐ மட்டும் தொட்டு 23 சரி, 2 தவறு, கிடைத்தது 22.5. குறைவாகத் தொட்டு அதிகம் வாங்கியதை நம்ப எனக்கே ஒரு வாரம் ஆயிற்று.

இரவு ஷிப்ட் மாறும் வாரம் வந்தால் மாதிரித் தேர்வை விட்டுவிட்டுப் பேருந்துப் பயிற்சியை மட்டும் தொடர். ஞாயிறுதோறும் குறிப்பேட்டின் அந்த வாரப் பக்கங்களைப் படமெடுத்து இரவு 9 மணிக்குள் எனக்கு அனுப்பு. திங்கள் காலை நீ பேருந்து ஏறுமுன் அடுத்த வாரத்துக்கான கணக்குகளை அனுப்பிவிடுகிறேன்.