இணைப்பு வேண்டுகோளாக வந்த விற்பனைக் குறிப்புக்கு ஒரு பதில்

வணக்கம் கார்த்திக்,

லிங்க்ட்இன்னில் நீங்கள் அனுப்பிய இணைப்பு வேண்டுகோளையும் அதோடு இருந்த குறிப்பையும் படித்தேன். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உங்கள் ஸ்டாக் சாஃப்ட்வேர் எங்கள் மாங்கூழ் ஆலைக்கு இப்போது வேண்டாம். டெமோவும் வேண்டாம். அதனால்தான் வேண்டுகோளை ஏற்காமல், உங்கள் குறிப்புக்கே பதில் எழுதுகிறேன். ஏற்றுக்கொண்டுவிட்டுச் சும்மா இருந்தால், பேச விருப்பம் இருக்கிறது என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள். அப்புறம் வாரம் ஒரு நினைவூட்டல், நான் ஒரு சாக்கு. இரண்டு பேருக்கும் வீண் வேலை.

இந்த மாதிரிக் குறிப்புகள் எனக்கு நிறைய வரும். பெரும்பாலும் பதில் எழுதுவதில்லை. பல்பு ஆலையில், அதாவது கூழ் ஆலையில், வேலை என்று ப்ரொஃபைலில் தெளிவாகப் போட்டிருந்தும், மின்விளக்கு ஆலை என்று நினைத்து எழுதியவர்கள்கூட உண்டு. நீங்கள் அப்படி இல்லை. டிரம்மில் இருக்கும் கூழ் எந்த லாரியில் வந்த பழம் என்று பின்னோக்கித் தேடுவதில் எங்களைப் போன்றவர்களுக்குச் சிரமம் இருக்கும் என்று எழுதியிருந்தீர்கள். மாங்கூழ் ஆலையை வெளியில் நின்றாவது ஒருமுறை விசாரித்தவர்தான் அதை எழுத முடியும். அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நீளப் பதில்.

வேண்டாம் என்பதற்குக் காரணம் விலை இல்லை. விலையை நான் கேட்கவே இல்லை. கணக்கு டேலியில் ஓடுகிறது. எடை மேடைக்குத் தனி சாஃப்ட்வேர் இருக்கிறது. நடுவில் இருக்கும் வேலையை, அதாவது பழம் இறங்குவதிலிருந்து டிரம் ஏறுவது வரை, எங்கள் தரக்கட்டுப்பாட்டுப் பிள்ளைகள் எக்ஸெல்லில் போட்டு வைத்திருக்கிறார்கள். பார்க்க அழகாக இருக்காது. ஆனால் வேலை செய்கிறது. இரவில் பெங்களூரா மாம்பழம் ஏற்றிக்கொண்டு போச்சம்பள்ளிப் பக்கமிருந்து ஒரு லாரி வந்தால், எடைச் சீட்டு நம்பர்தான் அந்தப் பழத்துக்குப் பெயர். பழுக்க வைக்கும் அறையில் கிரேட்டுகளின் மேல் அதே நம்பர் எழுதிய அட்டை தொங்கும். கழுவி, பொறுக்கி, கூழாக்கி, பையில் நிரப்பி டிரம்மை மூடும்போது லாட் நம்பருக்குக் கீழே எந்தெந்தச் சீட்டு என்று பதிவாகும். இனிப்பைக் காட்டும் பிரிக்ஸ், புளிப்பைக் காட்டும் பிஹெச், நேரம் எல்லாம் அதே வரியில். வெளிநாட்டு வாங்குபவர் ஆடிட்டுக்கு வந்து ஏதோ ஒரு டிரம்மைக் கைகாட்டி, 'இது எங்கிருந்து வந்தது?' என்று கேட்டால், அவர் டீ குடித்து முடிப்பதற்குள் சீட்டை எடுத்து மேசையில் வைத்துவிடுவோம். இப்படி ஓடிக்கொண்டிருப்பதை மாற்றுங்கள் என்று முதலாளியிடம் போய்ச் சொல்ல என்னிடம் காரணம் இல்லை.

இன்னொன்று, ஆட்கள். சீசனில் கேட்டிலும் லைனிலும் நிற்பவர்களில் பாதிப் பேர் அந்தச் சில வாரங்களுக்கு மட்டும் வருகிறவர்கள். அட்டையும் மார்க்கரும் அவர்களுக்குச் சொல்லித்தரவே தேவையில்லை. மொபைல் ஆப்பைக் கொடுத்தால் சொல்லித்தருவதற்குள் சீசன் முடிந்துவிடும்.

நேரமும் சரியில்லை. இது ஏப்ரல் கடைசி. பாய்லர் பார்க்கிறவர் ஒரு பக்கம், பைப் லைன் கழுவுகிறவர்கள் ஒரு பக்கம் என்று ஆலை இரண்டாகக் கிடக்கிறது. அடுத்து வரத்து சூடு பிடித்தால் ஜூன், ஜூலையில் யாரும் தலை நிமிர மாட்டோம். இதைப் படித்துவிட்டு, சரி, சீசன் முடிந்ததும் ஆகஸ்டில் கேட்கலாம் என்று குறித்து வைத்துக்கொள்ள வேண்டாம். அதற்காக இதைச் சொல்லவில்லை. ஆகஸ்டிலும் எங்கள் பதில் இதேதான். எங்கள் தேவை மாறினால் நானே உங்களைத் தேடி எழுதுகிறேன். உங்கள் பெயரையும், என்ன செய்கிறீர்கள் என்பதையும் குறித்து வைத்திருக்கிறேன்.

மற்ற ஆலைகளில் யாரைப் பார்க்கலாம், நம்பர் கிடைக்குமா என்றும் கேட்டிருந்தீர்கள். அவர்களைக் கேட்காமல் நம்பர் தருவது எனக்குச் சரியாகப் படவில்லை, மன்னிக்கவும். ஆனால் ஒன்று சொல்லலாம். இந்த மாவட்டத்தில் மாங்கூழ் தொழில் கிருஷ்ணகிரி டவுனைச் சுற்றி மட்டும் இல்லை. காவேரிப்பட்டணம், பர்கூர், போச்சம்பள்ளி என்று பரவிக்கிடக்கிறது. அதில் சிறிய யூனிட்டுகள், இன்னும் நோட்டுப் புத்தகத்தில் எழுதுகிறவர்கள், உங்கள் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கலாம். அவர்களில் பலரை லிங்க்ட்இன்னில் பிடிக்க முடியாது. கிருஷ்ணகிரியில் ஆண்டுதோறும் நடக்கும் மாங்கனிக் கண்காட்சிக்கு வந்தால் தோட்டக்காரர், மண்டிக்காரர், ஆலைக்காரர் என்று எல்லோரையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். அங்கே விற்க வேண்டாம், பேசிவிட்டு மட்டும் வாருங்கள்.

அப்படி யாரையாவது பார்க்கப் போனால் எனக்குத் தோன்றிய இரண்டு விஷயம். கேட்காமல் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நெட் இல்லாதபோதும் உங்கள் ஆப்பில் லாரியைப் பதிவு செய்ய முடியும் என்பதை முதல் நிமிடத்திலேயே செய்து காட்டுங்கள். சீசனில் ராத்திரி இரண்டு மணிக்குக் கேட் வரை லாரி வரிசை நிற்கும். 'லோடிங்' என்று திரை சுற்றிக்கொண்டிருந்தால் டிரைவர் சத்தம் போடுவார், கேட் ஆள் பழையபடி நோட்டை எடுத்துவிடுவார். அதோடு உங்கள் சாஃப்ட்வேர் செத்தது. இரண்டாவது, 'உங்களைப் போன்ற நிறுவனங்களுக்கு உதவியிருக்கிறோம்' என்ற வாசகம். எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். அதை எடுத்துவிட்டு, டிரம்மையும் லாரியையும் பற்றி எழுதிய அந்த வரியை முதலில் வையுங்கள். என்னை நிறுத்திப் படிக்க வைத்தது அதுதான்.

விற்பனை வேலை எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். என் தம்பி ஓசூரில் உதிரிபாகம் விற்கிறான். பதிலே வராத மெயில்களைப் பற்றிப் புலம்பாத ஞாயிற்றுக்கிழமை கிடையாது. 'முடியாது' என்றாவது சொல்லிவிட்டால் அடுத்த ஆளைப் பார்க்கப் போகலாமே என்பான்.

இந்தப் பதிலுக்கு மறுபதில் எழுத வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. விற்பனைக்காக இல்லாமல், மாங்கூழ் ஆலை எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசையில் ஏதாவது கேட்க வேண்டும் என்றால் தாராளமாக எழுதுங்கள். சீசன் முடிந்த பிறகு நிதானமாகப் பதில் போடுகிறேன்.

உங்கள் முயற்சி நன்றாக நடக்கட்டும்.

அன்புடன்,
தமிழ்ச்செல்வி
கொள்முதல் மற்றும் இருப்புப் பிரிவு
கிருஷ்ணகிரி