பள்ளி வேக வரம்புக் குறிப்பு: வரைவைப் பற்றி

தம்பிக்கு வணக்கம்.

பள்ளி வாசல்களில் வேக வரம்பைக் குறைக்கக் கோரி ஆணையருக்குப் போகவிருக்கும் ஆறு பக்க வரைவை இரண்டு முறை படித்தேன். உழைப்பு தெரிகிறது. இரண்டாம் இணைப்பில் 12 பள்ளிகளின் வாசலிலும் எடுத்த வேக அளவீடு அருமை, அதை யாரும் அசைக்க முடியாது. ஆனால் இந்த வடிவத்தில் போனால் கோப்பு ‘மேலும் விளக்கம் தேவை’ என்ற குறிப்போடு திரும்பி வரும். ஏன் என்று சொல்கிறேன்.

நாம் என்ன கேட்கிறோம் என்பது ஐந்தாம் பக்கத்தில், மூன்றாவது பத்தியின் நடுவில்தான் வருகிறது. அதுவும் இப்படி: “மேற்கண்ட சூழலில், பல்துறைப் பங்குதாரர்களின் ஒருங்கிணைவுடன், பொருத்தமான இடங்களில் வேக மேலாண்மைத் தலையீடுகளைக் கட்டம் கட்டமாக முன்னெடுப்பது குறித்துப் பரிசீலிக்கலாம் எனக் கருதப்படுகிறது.” யார் கருதுகிறார்கள்? எந்த இடங்கள்? பரிசீலிக்க வேண்டியவர் யார்? ஆணையர் இதைப் படித்துவிட்டு எதில் கையெழுத்துப் போடுவார்? இரண்டு கூட்டங்களுக்கு நடுவே கிடைக்கும் ஐந்து நிமிடத்தில் அவர் முதல் பக்கத்தைத் தாண்டப் போவதில்லை. அந்தப் பக்கம் முழுக்க நகரமயமாதலின் வரலாறு இருக்கிறது. அதை அப்படியே எடுத்துவிடுங்கள், பின்னாலும் வேண்டாம்.

முதல் பத்தி இப்படி இருந்தால் போதும்:

“12 பள்ளிகளின் வாசலுக்கு இருபுறமும் 200 மீட்டர் தூரத்துக்கு வேக வரம்பை மணிக்கு 50 கிலோமீட்டரிலிருந்து 30 ஆகக் குறைக்கவும், ஒவ்வொரு வாசலிலும் மேடான பாதசாரிக் கடவை அமைக்கவும் தங்கள் ஒப்புதலைக் கோருகிறோம். அடுத்த கல்வியாண்டு தொடங்குமுன் வேலை முடிய, இந்த மாத இறுதிக்குள் முடிவு தேவை. ஓராண்டுக்குப் பின் வேகத்தை மறுபடி அளந்து அறிக்கை தருவோம்.”

கடவையை விட்டுவிடாதீர்கள். உங்கள் வரைவில் அது அடிக்குறிப்பில் கிடக்கிறது. பலகையை மட்டும் நட்டுவிட்டு வந்தால் சராசரி வேகம் கொஞ்சம்தான் குறையும். சாலையின் அமைப்பு மாறினால்தான் ஓட்டுநரின் கால் பிரேக்குக்குப் போகும். பரிந்துரையின் பாதி பலம் அங்கேதான் இருக்கிறது.

அடுத்து, சொற்கள். ‘பங்குதாரர் ஒருங்கிணைவு’ என்றால் போக்குவரத்துக் காவல்துறையும் பள்ளித் தலைமையாசிரியர்களும் என்றுதான் உங்களிடம் கேட்டபோது சொன்னீர்கள். அப்படியே எழுதிவிடுங்கள். ‘தலையீடு’ வரும் இடத்திலெல்லாம் பலகையா, கடவையா, அபராதமா என்று பெயரைச் சொல்லுங்கள். ‘விஷன் ஜீரோ’ ஒரே ஒரு முறை வருகிறது, விளக்கமும் இல்லை. நீக்கிவிடலாம். ‘85ஆவது சதமான வேகம்’ மட்டும் இருக்கட்டும், ஆனால் அவிழ்த்துச் சொல்லுங்கள். ஒரு பள்ளி வாசலில் அது 58 என்று அளந்திருக்கிறீர்கள். அதாவது 100 வண்டிகளில் 15, மணிக்கு 58 கிலோமீட்டரையும் தாண்டிப் பள்ளி வாசலைக் கடக்கின்றன. இந்த ஒரு வரியை முதல் பக்கத்தில் வைத்தால் மற்ற வர்ணனை எதுவும் வேண்டாம்.

இனி எண்கள். எனக்கு அதிகக் கவலை இங்கேதான்.

“விபத்துகள் 40 சதவீதம் குறையும்” என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். எல்லா விபத்துமா, காயமா, உயிரிழப்பா? எவ்வளவு காலத்தில்? எங்கிருந்து எடுத்தீர்கள்? ஆதாரம் கிடைத்தால் அதோடு சேர்த்து எழுதுங்கள், இல்லையென்றால் எடுத்துவிடுங்கள். ‘சுமார்’ என்று முன்னால் ஒட்டுவது ஆதாரம் ஆகாது.

“விபத்துகள் 300 சதவீதம் உயர்ந்தன” என்பதும் நிற்காது. உங்கள் அட்டவணையில் 2 என்பது 6 ஆகியிருக்கிறது. மூன்று மடங்கு ஆனது, உயர்வு 200 சதவீதம். அதைவிட முக்கியம், இவ்வளவு சிறிய எண்ணில் சதவீதமே பேசக் கூடாது. “முந்தைய ஆண்டு 2, சென்ற ஆண்டு 6” என்று நேராகச் சொல்லுங்கள். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. விபத்து அதிகமாக நடந்த ஆண்டைப் பார்த்து ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்தால், நாம் ஒன்றுமே செய்யாவிட்டாலும் அடுத்த ஆண்டு அங்கே எண்ணிக்கை குறைய வாய்ப்பு அதிகம். நாளைக்கு யாராவது இதைக் கேட்பார்கள். அதனால்தான் ஓராண்டு கழித்து அளக்க வேண்டியது வேகத்தை என்று மேலே எழுதினேன்.

“உலகில் ஆண்டுக்கு 13.5 லட்சம் பேர் சாலை விபத்தில் இறக்கிறார்கள்” என்று நீங்கள் எழுதியிருப்பது 2016ஆம் ஆண்டுக்கான மதிப்பீடு, உலகச் சுகாதார நிறுவனத்தின் 2018 அறிக்கையில் வந்தது. 2023 அறிக்கையில் 2021ஆம் ஆண்டுக்கு 11.9 லட்சம் என்று இருக்கிறது. “குழந்தைகளின் இறப்புக்கு முதல் காரணம்” என்பதும் அப்படியே நிற்காது. அந்த நிறுவனம் சொல்வது 5 முதல் 29 வயது வரை உள்ளவர்களைப் பற்றி. 25 வயது பைக் ஓட்டுநரும் அதில் அடக்கம்.

“50 கிலோமீட்டரில் மோதினால் 10 பேரில் 9 பேர் இறப்பார்கள்” என்ற வரியை எத்தனையோ குறிப்புகளில் பார்த்துவிட்டேன், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நகலாகிக்கொண்டே வருகிறது. பழைய ஆய்வுகள் பலவற்றில் கடுமையாக அடிபட்டவர்களே அதிகம் சேர்க்கப்பட்டதால் ஆபத்து உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரிந்தது. பின்னால் வந்த ஆய்வுகளில் விகிதம் வெகுவாகக் குறைவு. ஆபத்து உண்மைதான், இந்த எண் வேண்டாம்.

இதற்குப் பதிலாக, யாரும் காகிதத்தில் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு ஒன்று இருக்கிறது. குழந்தை குறுக்கே வந்ததைக் கண்டு கால் பிரேக்கில் படிய ஒரு விநாடி ஆகிறது, சாலை உலர்ந்திருக்கிறது, பிரேக் பிடித்தபின் ஒவ்வொரு விநாடியும் வேகம் விநாடிக்கு 7 மீட்டர் குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 கிலோமீட்டரில் வரும் கார் சுமார் 13 மீட்டரில் நின்றுவிடும். 50இல் வரும் கார் நிற்கச் சுமார் 28 மீட்டர் வேண்டும். அந்த முதல் விநாடியிலேயே அது ஏறக்குறைய 14 மீட்டர் ஓடிவிடுகிறது. ஆக, முதல் கார் நின்றுவிட்ட இடத்தில் இரண்டாவது கார் இன்னும் பிரேக்கே பிடித்திருக்காது. அனுமானங்களையும் சேர்த்து எழுதுங்கள், மறைக்க ஒன்றுமில்லை.

“பயண நேரத்தில் பெரிய பாதிப்பு இல்லை” என்பதையும் இப்படியே ஆக்கலாம். 400 மீட்டரை 50இல் கடக்க 29 விநாடி, 30இல் 48 விநாடி. ஒரு பள்ளிக்கு 19 விநாடி தாமதம், அதுவும் இப்போது யாரும் தடையின்றி 50இல் போகிறார்கள் என்று வைத்துக்கொண்டால். எதிர்ப்பு வரப்போவது இந்தப் பக்கத்திலிருந்துதான் என்பதால் விடையை முதல் பக்கத்திலேயே கொடுத்துவிடுங்கள்.

அப்புறம், 2020 ஸ்டாக்ஹோம் பிரகடனம் பற்றிய பத்தி நீளம். பாதசாரிகளும் வாகனங்களும் அடிக்கடி கலக்கும் இடங்களில் உச்ச வேகம் 30 என்று அது கேட்கிறது. அந்த ஒரு வாக்கியம் போதும்.

முழுதையும் இரண்டு பக்கத்துக்குள் கொண்டுவாருங்கள், அளவீட்டு அட்டவணை இணைப்பிலேயே இருக்கட்டும். புதன்கிழமை மதியத்துக்குள் முதல் பக்கத்தை மட்டும் அனுப்பினால் அன்றே பார்த்துத் தருகிறேன். 40 சதவீதத்துக்கு ஆதாரம் எங்கே என்று அதற்குள் தேடிப் பாருங்கள். கிடைக்கவில்லையென்றால் அந்த வரி இல்லாமலே கோப்பு போகட்டும்.