ஒரு சொல், பல பொருள்: ஒத்த சொல், எதிர்ச்சொல் பயிற்சித்தாள் (எட்டாம் வகுப்பு)

பிள்ளைகளே, அகராதியைத் திறந்தால் ஒரு சொல்லுக்கு நாலைந்து பொருள் இருக்கும். அத்தனையும் சரிதான். ஆனால் வாக்கியத்துக்குள் வந்துவிட்டால் ஒன்றுதான் நிற்கும். முதலில் வாக்கியத்தை முழுக்கப் படியுங்கள், அப்புறம் விடையைத் தேடுங்கள்.

செய்து காட்டியது: களை

"நட்டு மூன்று வாரம் ஆச்சு, களை மண்டிக் கிடக்கிறது."
"தேரோட்டத்துக்கு முதல் நாளே திருவாரூர் வீதிகளில் களை வந்துவிட்டது."

இரண்டாவதில் களை என்றால் பொலிவு. அதே பொலிவை முதல் வாக்கியத்தில் போட்டுப் படியுங்கள்: "நட்டு மூன்று வாரம் ஆச்சு, பொலிவு மண்டிக் கிடக்கிறது." சிரிப்பு வருகிறதல்லவா? சிரிப்பு வந்தால் விடை தப்பு. எல்லாக் கேள்விக்கும் இப்படிப் போட்டுப் பாருங்கள்.

பகுதி 1. மேற்கோள் குறிக்குள் உள்ள சொல்லுக்கு ஒத்த சொல்லை வட்டமிடுக

1. பறித்த நாற்றை "முடி" முடியாகக் கட்டி வரப்பில் வைத்தார்கள்.
மகுடம் / கூந்தல் / சிறு கட்டு / உச்சி

2. பெரியப்பா "மடையைத்" திறந்துவிட்டதும் தண்ணீர் எங்கள் வயலுக்குள் பாய்ந்தது.
படையல் / மதகு / வரப்பு

3. சுவாமிமலை ஸ்தபதி நடராசர் சிலையை ஐம்பொன்னில் "வடித்தார்".
இறுத்தார் / உருவாக்கினார் / ஒழுகவிட்டார்

பகுதி 2. மேற்கோள் குறிக்குள் உள்ள சொல்லுக்கு எதிர்ச்சொல்லை வட்டமிடுக

4. வேதாரண்யம் உப்பளம் பக்கம் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாது. "நல்ல" தண்ணீருக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும்.
கெட்ட / உப்பு / சுடு

5. பொங்கலுக்குப் "பச்சை" அரிசிதான் வேண்டும் என்றாள் ஆத்தா.
காய்ந்த / பழுத்த / புழுங்கல்

6. ஐப்பசி மழையில் வயலில் நின்ற வெள்ளம் இரண்டே நாளில் "வடிந்தது".
வற்றியது / ஏறியது / உலர்ந்தது

7. (அ) "முற்றிய" கதிராகப் பார்த்து அறு.
(ஆ) வரப்புத் தகராறில் பங்காளிச் சண்டை "முற்றியது".
இளம் / தணிந்தது / காய்ந்த / முளைத்தது
(இரண்டுக்கும் வெவ்வேறு விடை.)

8. ஆற்றில் தண்ணீர் விட்டும் "கடை"மடைக்கு வந்து சேரவில்லை.
சந்தை / தலை / வீடு

9. கரும்பில் "அடி"தான் இனிப்பு.
தடவல் / நுனி / அரவணைப்பு

10. (அ) படுக்கப் போகுமுன் விளக்கை "அணை".
(ஆ) மூட்டையை வண்டியில் "ஏற்று".
(இ) மேட்டூர் "அணை" 1934-ல் கட்டி முடிக்கப்பட்டது.
ஏற்று / இறக்கு / தள்ளு / எதிர்ச்சொல் இல்லை

பகுதி 3. இங்கே தலைகீழ் வேலை

"ஆறு" என்ற சொல்லை வைத்து இரண்டு வாக்கியம் எழுதுங்கள். ஒன்றில் அதற்கு ஒத்த சொல் "நதி" ஆக வேண்டும். இன்னொன்றில் எதிர்ச்சொல் "சூடாகு" ஆக வேண்டும். எண் ஆறு வேண்டாம், அது சுலபம். வெண்ணாறு, வெட்டாறு, அரசலாறு என்று பெயராக எழுதி ஒப்பேற்றவும் கூடாது.

விடைக்குறிப்பு (வீட்டில் பார்க்கும் அம்மா அப்பாவுக்கும்)

1. சிறு கட்டு. நடவுக்குப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது கேள்வியே இல்லை.
2. மதகு. 3. உருவாக்கினார். கஞ்சியை வடித்தால் இறுப்பது; சிலையை வடித்தால் உருவாக்குவது.

4. உப்பு. நிறையப் பேர் "கெட்ட" என்று வட்டமிடுவார்கள். நல்ல பையன், கெட்ட பையன் என்று பழகிய வாய். இங்கே நல்ல தண்ணீர் என்றால் உப்புக் கரிக்காத, குடிக்கிற தண்ணீர். "கெட்ட தண்ணீர்" என்றால் நாற்றம் அடிக்கிற தண்ணீர் என்று போய்விடும். கடலோரக் கிணற்றின் குறை அதுவல்ல.

5. புழுங்கல். பச்சை இலைக்கு எதிர் காய்ந்த இலை, பச்சை மிளகாய்க்கு எதிர் பழுத்த மிளகாய். அரிசிக்கு இரண்டும் ஒட்டாது. நெல்லை வேகவைத்துக் காயவைத்துக் குத்தினால் புழுங்கல், வேகவைக்காமல் குத்தினால் பச்சை. நிறத்துக்கு இங்கே வேலையே இல்லை.

6. ஏறியது. "வற்றியது" எதிர்ச்சொல் அல்ல, கிட்டத்தட்ட ஒத்த சொல். ஒத்ததைக் கேட்டதா, எதிரைக் கேட்டதா என்று பார்க்காதவர்கள் இங்கே மாட்டுவார்கள்.

7. (அ) இளம் (ஆ) தணிந்தது.
8. தலை. வாய்க்காலின் தொடக்கம் தலைமடை, கடைசி கடைமடை.
9. நுனி.

10. (அ) ஏற்று (ஆ) இறக்கு (இ) எதிர்ச்சொல் இல்லை. (அ)வில் விடையாக வந்த "ஏற்று" (ஆ)வில் கேள்வியாக நிற்கிறது, கவனியுங்கள். விளக்கில் அதற்கு எதிர் அணை, மூட்டையில் இறக்கு. (இ) ஒரு கட்டுமானத்தின் பெயர். "உடைப்பு" என்று எழுதுகிறவர்களுக்கு யோசித்ததற்காக அரை மதிப்பெண் தரலாம், முழுசு தர வேண்டாம்.

பகுதி 3-க்கு மாதிரி: "ஜூன் 12-ல் மேட்டூரைத் திறந்தார்கள் என்று கேட்டதிலிருந்து தம்பி தினமும் ஆறு பார்க்கப் போகிறான்." "பால் கொதிக்கிறது, ஆறட்டும்." உங்கள் வாக்கியம் வேறு மாதிரி இருந்தாலும் போட்டுப் பார்த்துப் பொருந்தினால் சரி.